திருகோணமலை பாலையூற்றில் ஒரு அறையும் ஒரு ஸ்டோரும் சும்மா கிடக்கு: மாத வாடகைக்கு விட முதல் என்ன பார்க்க வேணும்?

மல்லிகா_பாலையூற்று

எல்லாருக்கும் வணக்கம். நானும் அம்மாவும் மட்டும்தான் வீட்டில. அம்மாவுக்கு 74 வயது. அப்பா இருந்த காலத்தில முன்பக்கமாக ஒரு அறை கட்டினவர். அதுக்கு விறாந்தைப் பக்கம் தனி வாசலும் தனிக் குளியலறையும் இருக்கு. பக்கத்தில 12க்கு 18 அடியில ஒரு ஸ்டோர், ஷீட் கூரை. அப்பா சீமெந்து, கம்பி வியாபாரம் செய்யேக்க சாமான் அடுக்கினது. அவர் போனதுக்குப் பிறகு அஞ்சு வருஷமாப் பூட்டியே கிடக்கு. முத்தத்தில ஒரு வான் நிற்கவும் இடம் இருக்கு.

இந்த மாதம் மூன்று பேர் கேட்டு வந்திட்டினம். மட்டக்களப்பில இருந்து மாற்றலாகி வந்த ஒரு ரீச்சர், கரண்டும் தண்ணியும் சேர்த்து மாதம் 12,000 தாறன் என்கிறா. ஒரு வியாபாரி ஸ்டோரை ஒரு வருஷத்துக்குக் கேக்கிறார். மாதம் 15,000, ஆறு மாதக் காசு முன்னுக்கே. பக்கத்து ஒழுங்கையில இருக்கிறவர் வானை நிப்பாட்ட 3,000 தருவாராம்.

அம்மாவின்ர மருந்துக்கும் வீட்டுச் செலவுக்கும் இந்தக் காசு பெரிய உதவி. ஆனா ஆளை வைச்சுட்டு எழுப்ப ஏலாமல் நிக்கிற கதைகளைக் கேட்டுக் கேட்டுப் பயமாவும் இருக்கு. எதை முதலில பார்க்க வேணும்?

கடலோரன்

அக்கா, பயப்பட ஒண்டும் இல்லை. பதினொரு மாதத்துக்கு ஒப்பந்தம் எழுதுங்க. பன்னிரண்டு மாதம் வந்தால்தான் பதிவு செய்ய வேணும், பதினொன்று எண்டால் கடதாசியில எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வைச்சால் போதும். நிறைய வீடியோவில விளக்கமாச் சொல்லியிருக்கினம். அறை, ஸ்டோர், சுவர், தரை எல்லாத்தையும் சாவி குடுக்க முதல் படம் எடுத்து வையுங்க. மீட்டர் வாசிப்பையும் படம் எடுங்க. வாடகை தராட்டில் பூட்டைப் போட்டுட்டுக் கரண்டை நிப்பாட்டினால் தானாப் போயிடுவினம்.

உப்புவெளி ரவி

மல்லிகா அக்கா, மாத வாடகைக்கு ஏன் குடுக்கிறீங்க? நான் அலஸ்தோட்டத்தில இரண்டு அறை செய்து வெளிநாட்டுக்காரருக்கு விடுறன். மே தொடங்கி செப்டெம்பர் வரை நல்ல உழைப்பு. சுற்றுலா அதிகாரசபையில பதிவு எடுத்துட்டு இணையத்தில போட்டால் ஒரு கிழமையில ரீச்சரின்ர மாத வாடகை வந்திடும். கட்டில் விரிப்பு இரண்டு சோடி, நுளம்பு வலை, சுடுதண்ணி, இவ்வளவும் போதும்.

மல்லிகா_பாலையூற்று

ரவி தம்பி, நன்றி. ஆனா நாங்கள் கடற்கரையில இருந்து தள்ளி இருக்கிறம். நாளுக்கு நாள் புது ஆக்கள் வந்து போனால் அம்மாவால தாங்கேலாது. ஒரே ஆள், மாதக் காசு, அவ்வளவுதான் எனக்கு வேணும்.

பழைய பேனா

மல்லிகா, நான் திருகோணமலையில நொத்தாரிசு ஒருவரிடம் 26 வருடம் எழுதுவினைஞராக இருந்தவன். கடலோரன் தம்பி சொன்ன படங்கள் மிக அவசியம், அதைச் செய்யுங்கள். ஆனால் பதினொரு மாதக் கதை இந்தியாவுடையது. அங்கே ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டம் இருக்கிறது, அதனால்தான் பதினொரு மாதம் என்று எழுதுகிறார்கள். தமிழில் இருக்கிறது என்பதற்காக அந்த வீடியோக்களை இங்கே கொண்டு வந்தால் கையைச் சுடும்.

எங்கள் இலங்கையில் எல்லை ஒரு மாதம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்குக் காணியையோ கட்டடத்தையோ குத்தகைக்குக் கொடுப்பதானால் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதியிருக்க வேண்டும். வீட்டு மேசையில் எழுதின பதினொரு மாத ஒப்பந்தம் குத்தகை என்ற அளவில் செல்லாது. அதை வைத்துக்கொண்டு, “இன்னும் ஏழு மாதம் இருக்கு, வாடகையைத் தா” என்று நீங்களும் கேட்க முடியாது, “ஏழு மாதம் இருக்கு, எழும்பமாட்டன்” என்று அவரும் சொல்ல முடியாது. பொதுவாக அதை மாதத்துக்கு மாதம் ஓடும் வாடகையாகத்தான் பார்ப்பார்கள். ஒரு முழு மாத முன்னறிவித்தல் கொடுத்து, மாத முடிவோடு முடிக்கலாம்.

பூட்டுப் போடுவது, கரண்டை வெட்டுவது இரண்டையும் தயவுசெய்து செய்ய வேண்டாம். குடியிருப்பவரை நீதிமன்றக் கட்டளை இல்லாமல் வெளியே தள்ளினால், அவர் பொலிசுக்குப் போவார். 1979ஆம் ஆண்டின் ஆரம்ப நீதிமன்றச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் வழக்கு வரும். இரண்டு மாதத்துக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டார் என்று தெரிந்தால் நீதவான் அவரையே திரும்ப உள்ளே விடச் சொல்வார். வாடகை பாக்கி இருந்ததா இல்லையா என்பதை அந்த வழக்கில் பார்க்கமாட்டார்கள். வீடும் அவரிடம், வழக்குச் செலவும் உங்களிடம் என்று நின்றவர்களை என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

இப்போது என் கேள்வி. உங்கள் காணி உறுதிக் காணியா, பெர்மிட் காணியா? யாருடைய பெயரில் இருக்கிறது?

மல்லிகா_பாலையூற்று

ஐயா, உறுதிக் காணி எண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தன். உங்கட கேள்வியைப் பார்த்துட்டு அலுமாரியைத் திறந்தன். மேல ‘ஜயபூமி’ எண்டு இருக்கு. ஜனாதிபதியின்ர கையொப்பம் இருக்கு. பெயர் அம்மாவின்ர.

பழைய பேனா

அப்படியானால் அது நொத்தாரிசு எழுதிய உறுதி இல்லை, அரசாங்கம் கொடுத்த அளிப்பு. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருவது. பெர்மிட்டை விட ஒரு படி மேல், ஆனால் சொந்த உறுதிக்குச் சமம் இல்லை. பிரதேச செயலாளருடைய எழுத்துச் சம்மதம் இல்லாமல் அதைக் குத்தகைக்குக் கொடுக்க இடமில்லை. சம்மதக் கடிதம் இல்லாமல் எந்த நல்ல நொத்தாரிசும் பேனாவைத் தொடமாட்டார்.

ஆகவே வியாபாரி கேட்கிற ஒரு வருடக் குத்தகை இன்றைய நிலையில் முடியாத காரியம். நொத்தாரிசு இல்லாமல் ஒரு வருடம் செல்லாது, சம்மதம் இல்லாமல் நொத்தாரிசு எழுதமாட்டார். 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டத்தில், குத்தகை முடிந்தும் எழும்பாதவரிடமிருந்து கட்டடத்தை விரைவாக மீட்க மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு சுருக்கு வழி வந்திருக்கிறது. அதுவும் முறையாக நொத்தாரிசு எழுதிய குத்தகையைக் காட்டினால்தான் கைகொடுக்கும். ஆறு மாதக் காசை வாங்கிக்கொண்டு வெறும் கடதாசியில் விட்டீர்களானால் அந்த வழியும் உங்களுக்கு இல்லை.

ரீச்சர் விஷயம் வேறு. நீங்களும் அம்மாவும் இருக்கிற வீட்டில் ஒருவரைப் போர்டிங் வைத்திருப்பதும், சாவியைக் கொடுத்து ஒரு கட்டடத்தையே கையளிப்பதும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. முதலாவது தங்குவதற்குக் கொடுத்த அனுமதி. இரண்டாவது உரிமை. ஆனால் கடதாசியில் என்ன தலைப்புப் போட்டீர்கள் என்பதை விட நடப்பில் என்ன நடந்தது என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும். தனி வாசல், தனிச் சமையல், நீங்கள் உள்ளே போக முடியாத பூட்டு, எல்லாம் சேர்ந்தால் அனுமதி என்று எழுதினாலும் வாடகைக்குடி என்று ஆகிவிடலாம்.

கடலோரன்

ஐயா, பதினொரு மாத விஷயம் எனக்குத் தெரியாது, மன்னிக்கவும். என்ர மாமா வீட்டையும் அப்படித்தான் எழுதிக் குடுத்திருக்கிறம். நாளைக்கே அந்தக் கடதாசியை எடுத்துப் பார்க்கிறன்.

வயர்மன் தாசன்

சட்டம் எனக்குத் தெரியாது. ரீச்சரின்ர 12,000 பற்றிச் சொல்றன். அக்கா, உங்கட கரண்ட் பில்லில எத்தனை யூனிட்? ரீச்சர் என்னென்ன பாவிப்பா?

மல்லிகா_பாலையூற்று

எங்களுக்கு 110 யூனிட் அளவில வரும். ரீச்சர் ஃபேன், அயன், கேத்தில், ரைஸ் குக்கர், சின்ன ஃபிரிட்ஜ் ஒண்டும் கொண்டு வாறாவாம்.

வயர்மன் தாசன்

அப்ப அவ மாதம் 80 யூனிட் இழுப்பா எண்டு வைங்க. 2025 ஜூனில கூட்டின கட்டணத்தில கணக்குப் பார்த்தன், வரி சேர்க்கேல்லை. 110 யூனிட்டுக்கு உங்கட பில் 2,800 ரூபா. அவ வந்து 190 ஆனால் 7,210. கூடுற 80 யூனிட்டுக்கு 4,410 ரூபா. வீட்டுக் கட்டணம் படிப்படியா ஏறுறதாலதான் இப்படி. அந்தக் கட்டணத்தில முதல் 60 யூனிட் மலிவு, 120ஐத் தாண்டினால் யூனிட் 41 ரூபா, 180ஐத் தாண்டினால் 61 ரூபா. அதோட நிலையான கட்டணமும் 1,000த்தில இருந்து 2,100க்கு ஏறிடும். மலிவான படிகள் எல்லாத்தையும் நீங்களும் அம்மாவும் ஏற்கெனவே பாவிச்சு முடிச்சிட்டீங்க, ரீச்சர் இழுக்கிறது முழுக்க மேல்படி யூனிட். 12,000இல உங்கட கைக்கு மிஞ்சுறது 7,600 அளவு, தண்ணி பில் வேற.

துணை மீட்டர் ஒண்டு போடுங்க. ஆனா அதிலயும் கனபேர் பிழை விடுறாங்க. முழு பில்லை முழு யூனிட்டால பிரிச்சு, யூனிட் 38 ரூபா எண்டு வாங்குறது. அப்பிடி வாங்கினால் 80க்கு 3,040தான் வரும், மிச்சம் 1,370 உங்கட கையால. ‘நாங்கள் தனிய இருந்தால் வரக்கூடிய பில் இது, நீங்க வந்ததால வந்தது இது, வித்தியாசம் உங்கட’ எண்டு முதல் நாளே சொல்லிடுங்க. ஃபிரிட்ஜ் இல்லாமல் 45 யூனிட்டுக்குள்ள நின்றால் வித்தியாசம் 2,175 மட்டும்தான். அவவுக்கும் இதைக் காட்டினால் ஃபிரிட்ஜை யோசிப்பா.

ஸ்டோருக்கு இந்த வீட்டு லைனைக் குடுக்காதீங்க. ஒரு பல்ப் பரவாயில்லை. மீன் ஃபிரீசர் வைச்சால் அது வியாபாரப் பாவனை, வீட்டுக் கட்டணத்தில ஓடக் கூடாது. பிடிபட்டால் பில் உங்கட பெயரில.

சாம்பல்தீவு சுகி

மூன்றாவது ஆளைப் பற்றி ஒருவரும் சொல்லேல்லையே. அக்கா, வான் நிப்பாட்டுறதுதான் சுகமான காசு எண்டு நானும் நினைச்சன். ஒருத்தர் வந்தார், 2,500க்கு விட்டன். மூன்று மாதம் ஒழுங்காத் தந்தார். பிறகு ஆளைக் காணேல்லை, ஃபோனும் வேலை செய்யேல்லை. வான் எட்டு மாதம் வளவிலயே நிண்டது, ரயர் இறங்கி, அடியில புல்லு முளைச்சு. ஒரு நாள் லீசிங் கம்பனிக்காரர் நாலு பேர் வந்து கேற்றைத் திறக்கச் சொல்லிச் சத்தம் போட்டினம். நான் கடனாளியை ஒளிச்சு வைச்சிருக்கிறன் எண்ட மாதிரிக் கதைச்சினம். அயல் எல்லாம் பார்த்துக்கொண்டு நிண்டது. அந்த வெக்கம் எனக்கு இன்னும் மாறேல்லை.

இப்ப யாரும் கேட்டால் வாகனப் பதிவுப் புத்தகத்தின்ர பிரதியைக் கேப்பன். அதில இருக்கிற பெயரும் வந்து நிக்கிற ஆளும் ஒண்டா? லீசிங் எண்டால் எந்தக் கம்பனி? அடையாள அட்டைப் பிரதி, வீட்டில இன்னொராளின்ர நம்பர். இதுக்குத் தயங்கிறவருக்கு என்ர வளவு இல்லை.

மல்லிகா_பாலையூற்று

சுகி, நல்லவேளை சொன்னீங்க. பக்கத்து ஒழுங்கை ஆள் தெரிஞ்சவர்தான், ஆனா வான் அவற்ற மச்சானுடையது எண்டு இப்பத்தான் கேள்விப்பட்டன்.

கிண்ணியா ஸ்டோர்காரன்

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். நான் வாடகைக்கு எடுக்கிற பக்கத்து ஆள். பத்து வருஷத்துக்கு மேல ஸ்டோர் எடுத்துச் சாமான் போடுறன். மல்லிகா தங்கச்சி, அந்த வியாபாரி என்ன சாமான் போடப் போறார் எண்டு கேட்டீங்களா? நீங்க எழுதினதில அது இல்லை.

டிஷ்யூ, பிஸ்கட், சோடா எண்டால் உங்களுக்குப் பிரச்சினை இல்லை. கருவாடு எண்டால் அந்த மணம் ஸ்டோரை விட்டுப் போகாது, ரீச்சரின்ர அறைக்கும் வரும். வலையும் போட் இன்ஜினும் எண்டால் கூடவே மண்ணெண்ணெயும் பெற்றோலும் வரும். அறைக்குப் பக்கத்துச் சுவரில அதை வைக்க விடாதீங்க. காஸ் சிலிண்டரும் அப்பிடித்தான். “பலசரக்கு” எண்டு மட்டும் சொன்னால் ஏத்துக்கொள்ளாதீங்க. சாமானின்ர பெயரை எழுதிக் கேளுங்க.

அடுத்தது மழை. நல்ல எடுக்கிற ஆள் மாரியிலதான் ஸ்டோர் பார்க்க வருவான். நவம்பர், டிசம்பரில வெள்ளம் தரையில எந்த மட்டம் வரை வந்தது எண்டு சுவரில கறை காட்டும். 2020 டிசம்பரில புரெவி புயல் வந்த நேரம், நான் எடுத்திருந்த ஒரு ஸ்டோரில ஷீட் இரண்டு கழன்று, மா மூட்டை எல்லாம் நனைஞ்சது. யார் பொறுப்பு எண்டு எழுதியிருக்கேல்லை. அவரும் நல்ல மனுஷன், நானும் சண்டை பிடிக்கிற ஆள் இல்லை. கடைசியில பாதிப் பாதி எண்டு முடிச்சம். ஆனா இரண்டு வருஷம் முகம் பார்த்துக் கதைக்கேல்லை. கூரை உங்கட பொறுப்பு, சாமான் அவரின்ர பொறுப்பு, தரையில இருந்து நாலு அங்குலம் பலகை போட்டு அடுக்கிறது அவரின்ர வேலை எண்டு தெளிவா எழுதுங்க. லொறி வந்து திரும்புற நேரத்தையும் கேளுங்க. காலமை நாலு மணிக்கு லொறி வந்தால் உங்கட உம்மா எழும்பிடுவா.

பழைய பேனா

கிண்ணியா அண்ணர் சொன்னது பெறுமதியான விஷயம். ரீச்சருக்கு எழுத வேண்டிய கடதாசியைச் சொல்கிறேன், நீளம் தேவையில்லை. அம்மா காணிக்காரி என்பதால் அம்மாதான் கையொப்பம் வைக்க வேண்டும், நீங்கள் சாட்சியாக வையுங்கள். இன்ன திகதியிலிருந்து மாதத்துக்கு மாதம் இந்த அறையில் தங்க அனுமதி என்று தொடங்குங்கள். வருடம் என்ற சொல்லே வேண்டாம். மாதக் காசு எவ்வளவு, எந்தத் திகதிக்குள், கரண்ட் வித்தியாசம் எப்படி என்று எழுதுங்கள். யார் முடிப்பதானாலும் ஒரு முழு மாதம் முன்னே எழுத்தில் சொல்ல வேண்டும். முற்பணம் ஒரு மாதம், போகும்போது என்ன கழித்துக்கொண்டு எத்தனை நாளில் திருப்பித் தருவீர்கள். வேறு ஆளைச் சேர்க்கவோ கைமாற்றவோ கூடாது. அடையாள அட்டை இலக்கமும் அவருடைய மாற்றல் கடிதப் பிரதியும் இணைப்பு. கிராம உத்தியோகத்தருக்கும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். வீட்டில் யார் யார் தங்கியிருக்கிறார்கள் என்ற பட்டியலை வீட்டுக்காரரிடம் கேட்கப் பொலிசுக்குச் சட்டத்தில் அதிகாரம் இருக்கிறது, அந்த நேரம் ஓடித் திரிய வேண்டாம்.

ஒவ்வொரு மாதமும் பற்றுச்சீட்டு எழுதுங்கள், அடிக்கட்டை உங்களிடம் இருக்கட்டும். கனபேர் இதைப் பெரிதாக எடுப்பதில்லை. வழக்கு வந்தால் முதலில் கேட்பது அதைத்தான். 1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் உங்கள் வீட்டைத் தொடுமா என்பதை மட்டும் ஒரு சட்டத்தரணியிடம் அளிப்புப் பத்திரத்தையும் சோலைவரித் துண்டையும் காட்டிக் கேளுங்கள், நான் இங்கிருந்து சொல்லக்கூடாது.

கடலோரன்

ஒரு மாத முற்பணம் காணாது ஐயா. ஒரு மாதம் வாடகை தரேல்லை எண்டால் அந்தக் காசு முடிஞ்சிது, குளியலறையை உடைச்சிட்டுப் போனால் என்ன செய்யிறது? மூன்று மாதமாவது வேணும்.

சாம்பல்தீவு சுகி

மூன்று மாதம் எண்டால் 36,000. புதுசா மாற்றலாகி வந்த ரீச்சர் எங்கால எடுக்கிறது? நானும் ஆசிரியர்தான். அந்தக் காசைப் புரட்ட நகை அடகு வைச்ச நாள் எனக்கு ஞாபகம் இருக்கு.

மல்லிகா_பாலையூற்று

பத்து நாளுக்குப் பிறகு வாறன், எல்லாரும் பொறுத்துக்கொள்ளுங்க.

ரீச்சர் இந்த முதலாம் திகதி வந்திட்டா. தாசன் தம்பியின்ர கணக்கை முன்னுக்கு வைச்சுக் கதைச்சன். அவவும் கணக்குப் படிப்பிக்கிறவ, உடனே விளங்கிச்சு. இப்ப அறைக்கு 9,500, கரண்ட் வித்தியாசம் துணை மீட்டரின்படி தனி. ஃபிரிட்ஜ் கொண்டு வரேல்லை, எங்கட ஃபிரிட்ஜில ஒரு தட்டு அவவுக்கு. முற்பணம் ஒன்றரை மாதம், இரண்டு பேருக்கும் சரி எண்டு பட்டுது. அம்மா கையெழுத்து வைச்சா, கை கொஞ்சம் நடுங்கிச்சு.

வான்காரரின்ர மச்சான் பதிவுப் புத்தகப் பிரதி தாறன் எண்டு சொல்லி இன்னும் தரேல்லை. அதால இடம் சும்மாதான் கிடக்கு.

பிரதேச செயலகத்தில காணிக் கிளைக்குப் போனன். அம்மாவின்ர கையெழுத்தோட விண்ணப்பக் கடிதமும் அளிப்பின் பிரதியும் கேட்டவை, குடுத்திட்டன். பதில் வரேல்லை. வியாபாரியிட்ட சாமானைக் கேட்டன், பிளாஸ்டிக் கதிரையும் பாயும் எண்டார், எழுதியும் தந்தார். குத்தகை இப்ப முடியாது, சாமான் வைக்க மாதத்துக்கு மாதம் அனுமதி மட்டும் தரலாம், சாவி என்னட்டத்தான் இருக்கும் எண்டன். அவர் ஓம் எண்டு சொல்லேல்லை. இரவில சாமான் வந்தால் உங்களை எழுப்பிறதா எண்டு கேக்கிறார். கதவில இரண்டு பூட்டுப் போடுவம், ஒண்டு உங்கட, ஒண்டு என்ர எண்டு சொல்றார். ஐயா, அப்பிடிச் செய்தால் அது அனுமதியா, வாடகையா?

பழைய பேனா

இரண்டு பூட்டு என்பது நல்ல யோசனை, அவர் தனியாகத் திறக்க முடியாது என்பது உங்கள் பக்கம் பேசும். ஆனால் பூட்டின் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒருவரும் தீர்ப்புச் சொல்லமாட்டார்கள். நாளடைவில் சலித்துப்போய் உங்கள் சாவியின் பிரதியையும் அவரிடம் கொடுத்துவிடுவீர்கள், எல்லா இடத்திலும் அதுதான் நடக்கிறது. அன்றைக்கு நிலைமை மாறிவிடும். செயலகத்தின் பதில் வரும்வரை பொறுக்க முடியுமானால் பொறுங்கள்.

கிண்ணியா ஸ்டோர்காரன்

பாயும் கதிரையும் எண்டால் அவசரச் சாமான் இல்லை, தங்கச்சி. பகல் பத்து மணிக்கும் அஞ்சு மணிக்கும் இடையிலதான் திறக்கிறது எண்டு சொல்லிப் பாருங்க. உண்மையாப் பாய்தான் வைக்கப் போறார் எண்டால் ஒத்துக்கொள்ளுவார். இரவுதான் வேணும் எண்டு நிண்டால், சாமான் என்ன எண்டு திரும்பவும் கேளுங்க.

மல்லிகா_பாலையூற்று

நாளைக்கு அவர் வாறார். அதைத்தான் கேக்கப் போறன்.